திரும்பி வந்த சரக்கு, திரும்பி வராத வரி: கிரெடிட் நோட்டை சரியா போடுவது எப்படி?

எனக்குத் தெரிஞ்ச ஒரு மொத்த வியாபார நிறுவனத்துல, அக்கவுண்ட்ஸ் வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன ஒரு பையன் இருந்தான். பி.காம் முடிச்சதும் கிடைச்ச முதல் வேலை. 2024 மார்ச்ல வித்த சரக்குல 2,40,000 ரூபாய் மதிப்புள்ள பொருள், தரம் சரியில்லைன்னு ஜூலை மாசம் திரும்பி வந்துச்சு. குடோன்ல இறக்கி வச்சாங்க. ரிஜிஸ்டர்ல எழுதினாங்க. "மேனேஜர் அப்ரூவல் வரட்டும், அப்புறம் கிரெடிட் நோட் போட்டுக்கலாம்"னு இந்தப் பையன் பேப்பரை ட்ரேயில வச்சுட்டான். அப்ரூவல் வந்தது டிசம்பர் 6-ம் தேதி. அன்னைக்கே கிரெடிட் நோட்டும் போட்டுட்டான்.

ஆனா அதுக்கு ஆறு நாள் முன்னாடியே, நவம்பர் 30-ம் தேதியோட, அந்த விற்பனைக்கான வரியைக் குறைக்கிற உரிமை முடிஞ்சு போச்சு. 18 சதவீதம்னா 43,200 ரூபாய். சரக்கு குடோன்ல இருக்கு, வாங்கினவர் ஒரு பைசா தரப்போறதில்லை, ஆனா வரி மட்டும் அரசாங்கத்துக்கிட்ட போயிடுச்சு. அந்தப் பையனோட ஒரு மாச சம்பளத்தை விட அது அதிகம். முதலாளி அவனைப் பார்த்து கேட்ட கேள்வி: "இதுக்கு ஒரு கடைசி தேதி இருக்குன்னு உனக்குத் தெரியாதா தம்பி?"

உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. காலேஜ்ல யாரும் சொல்லித் தரலை. நீங்களும் அக்கவுண்ட்ஸ், பில்லிங், சேல்ஸ் சப்போர்ட் மாதிரி வேலையில இருந்தா, இல்ல வேலையோட சேர்த்து சின்னதா ஒரு வியாபாரம் பண்ணினா, அந்த ட்ரே நாளைக்கு உங்க மேஜையிலயும் இருக்கும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கிட்டு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் போகலாம்.

முதல்ல, இன்வாய்ஸை ஏன் திருத்தக் கூடாது?

சரக்கு திரும்பி வந்ததும் புதுசா வேலைக்கு வந்தவங்க பண்ற முதல் காரியம், சாஃப்ட்வேர்ல பழைய இன்வாய்ஸைத் திறந்து 40-ஐ 34-ஆ மாத்துறது. நானும் ஆர்டிகிள்ஷிப் காலத்துல இதைச் செஞ்சு திட்டு வாங்கியிருக்கேன்.

அந்த இன்வாய்ஸ் உங்ககிட்ட மட்டும் இல்லை. ஒரு பிரதி வாங்கினவர்கிட்ட இருக்கு. அவர் அதை வச்சு உள்ளீட்டு வரி எடுத்திருக்கார். நீங்க ஜிஎஸ்டிஆர்-1-ல அதை ஏற்கனவே காட்டியிருக்கீங்க. இப்போ உங்க கணினியில மட்டும் எண்ணை மாத்தினா, ஒரே நம்பர்ல ரெண்டு வேற வேற இன்வாய்ஸ் உலகத்துல உலாவும். அந்த விற்பனை நடந்தது உண்மை, அதனால அது அப்படியே நிக்கணும். திரும்பி வந்தது இன்னொரு நிகழ்ச்சி. அதுக்குத் தனியா ஒரு ஆவணம், தனி தேதி, தனி நம்பர். அதுதான் கிரெடிட் நோட்.

ஜிஎஸ்டி சட்டத்துல இது 34-வது பிரிவு. பில்லுல வரியோ மதிப்போ அதிகமா போட்டிருந்தா, சரக்கு திரும்பி வந்தா, அல்லது சரக்கோ சேவையோ குறைபாடா இருந்தா, விற்றவர் கிரெடிட் நோட் கொடுக்கலாம். 'விற்றவர்' என்ற வார்த்தையை நல்லா கவனிங்க. வாங்கினவர் தன் புத்தகத்துல "டெபிட் நோட்"னு ஒண்ணு போட்டு உங்களுக்கு அனுப்புவார். அது "நான் இவ்வளவு திருப்பி அனுப்பியிருக்கேன்"னு அவர் சொல்ற ஒரு தகவல், அவ்வளவுதான். உங்க வரியைக் குறைக்கிற பேப்பர் நீங்க போடுற கிரெடிட் நோட் மட்டும்தான்.

கணக்குக்குள்ள போகலாம்

கோயம்புத்தூர்ல ஒரு மொத்த வியாபாரி, மதுரையில ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. ரெண்டு பேருமே ஜிஎஸ்டி பதிவு உள்ளவங்க. 2026 ஜனவரி 10-ம் தேதி 40 மிக்ஸி போகுது. லிஸ்ட் விலை ஒண்ணு 2,500 ரூபாய். இன்வாய்ஸ்லயே 4 சதவீதம் தள்ளுபடி, அதனால ஒண்ணு 2,400 ரூபாய். மிக்ஸிக்கு வரி 18 சதவீதம். ரெண்டுமே தமிழ்நாடு என்பதால சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9.

சரக்கு மதிப்பு: 96,000
சிஜிஎஸ்டி: 8,640
எஸ்ஜிஎஸ்டி: 8,640
மொத்தம்: 1,13,280 ரூபாய்

கடைக்காரர் ஜனவரி 20-ம் தேதி 60,000 ரூபாய் அனுப்பிட்டார். பாக்கி 53,280. ஜனவரி 27-ம் தேதி ஆறு மிக்ஸி திரும்பி வருது, மோட்டார் கோளாறு. குடோன்ல எண்ணிப் பார்த்து, சீரியல் நம்பர் சரிபார்த்து, பிப்ரவரி 3-ம் தேதி கிரெடிட் நோட் போடுறீங்க.

சீரியல் நம்பர் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. போன வருஷம் வாங்கின மிக்ஸியை இந்த இன்வாய்ஸோட சேர்த்துத் திருப்பி அனுப்புறது சாதாரணமா நடக்குது. எந்த இன்வாய்ஸ்ல போன பொருள் என்பதுதான் எந்த விலை, எந்த வரி விகிதம், எந்தக் கடைசி தேதி என்ற மூணையும் முடிவு பண்ணும்.

கிரெடிட் நோட்ல என்ன விலை போடணும்? லிஸ்ட் விலை 2,500 இல்லை, வித்த விலை 2,400.

ஆறு மிக்ஸி: 14,400
சிஜிஎஸ்டி: 1,296
எஸ்ஜிஎஸ்டி: 1,296
மொத்தம்: 16,992 ரூபாய்

இந்தக் காகிதத்துல "கிரெடிட் நோட்" என்ற தலைப்பு, உங்க பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், அவருடைய விவரம், 16 எழுத்துக்குள்ள ஒரு தொடர் எண், தேதி, மூல இன்வாய்ஸ் எண்ணும் தேதியும், மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, கையெழுத்து இதெல்லாம் இருக்கணும். ஒரே கிரெடிட் நோட்ல ஒண்ணுக்கு மேற்பட்ட இன்வாய்ஸையும் சேர்க்கலாம். உங்க நிறுவனத்தோட வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம்னா, கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் எடுக்கணும். நிறைய பேர் இன்வாய்ஸுக்கு மட்டும் எடுத்துட்டு இதை விட்டுடுறாங்க.

புத்தகத்துல என்ன நடக்குது?

நாலு வரிதான்:

விற்பனைத் திரும்பல் கணக்கு, பற்று: 14,400
வெளியீட்டு சிஜிஎஸ்டி, பற்று: 1,296
வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி, பற்று: 1,296
மதுரை கடைக்காரர் கணக்கு, வரவு: 16,992

இதை வாயால ஒரு தடவை சொல்லிப் பாருங்க. என் விற்பனை 14,400 குறைஞ்சது. நான் அரசாங்கத்துக்குத் தரவேண்டிய வரி 2,592 குறைஞ்சது. கடைக்காரர் எனக்குத் தரவேண்டியது 16,992 குறைஞ்சது. விற்பனை, வரி, பாக்கி மூணும் ஒரே நேரத்துல ஒரே ஆவணத்தால குறையுது. இதுல ஏதாவது ஒண்ணு மட்டும் குறைஞ்சிருந்தா, எங்கேயோ தப்பு இருக்கு.

கடைக்காரர் பாக்கி இப்போ 53,280-ல இருந்து 16,992 போக 36,288 ரூபாய். இது சரியான்னு வேற வழியில பார்ப்போம். அவர்கிட்ட உண்மையில இருக்கிறது 34 மிக்ஸி. 34 பெருக்கல் 2,400, அதாவது 81,600. அதுக்கு 18 சதவீதம் 14,688. மொத்தம் 96,288. கட்டினது 60,000. மிச்சம் 36,288. சரியா வந்துடுச்சு. ஒவ்வொரு கிரெடிட் நோட்டுக்கும் "அவர்கிட்ட தங்கின சரக்குக்கு எவ்வளவு?" என்ற இந்தப் பின்பக்கக் கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டேலிபிரைம்ல போடுறவங்களுக்கு ஒரு விஷயம். `Alt+F6` அழுத்தினா கிரெடிட் நோட் வவுச்சர் வரும். தொகை போட்டதும் பில் வாரியான விவரம் கேக்கும். அங்க `Agst Ref` தேர்ந்தெடுத்து ஜனவரி 10-ம் தேதி இன்வாய்ஸைக் காட்டுங்க. அவசரத்துல `New Ref` அல்லது `On Account` கொடுத்துட்டா மொத்த பாக்கி 36,288-னு சரியாத்தான் தெரியும். ஆனா பில் வாரியா பார்த்தா இன்வாய்ஸ்ல 53,280 பாக்கின்னு நிக்கும், 16,992 தனியா எங்கேயோ தொங்கும். கலெக்ஷன் டீம் அந்த லிஸ்டைத்தான் எடுத்துட்டுப் போன் பண்ணும். "என்ன தம்பி, நான் திருப்பி அனுப்பின மிக்ஸிக்கும் சேர்த்துக் காசு கேக்குறீங்க?"ன்னு கடைக்காரர் கத்துவார். அவர் கேக்கிறதுல நியாயம் இருக்கு.

ஸ்டாக்கையும் மறந்துடாதீங்க. ஆறு மிக்ஸி உள்ளே வந்திருக்கு. ஆனா அதை நல்ல ஸ்டாக்கோட கலந்தா, அடுத்த வாரம் வேற கடைக்குப் போய் மறுபடி திரும்பி வரும். டேலியில தனி குடோன் ஒண்ணு உருவாக்கி அதுல வைங்க. பழுது பார்த்து விக்க முடிஞ்சா பிரச்சினை இல்லை. மொத்தமா தூக்கிப் போட்டு கணக்குல தள்ளுபடி பண்ணினா, அந்த மிக்ஸிகளை நீங்க வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பணும். விற்பனை வரி குறைஞ்ச சந்தோஷத்துல இதை விட்டுட்டு, ஆடிட்ல மாட்டினவங்க உண்டு.

அந்த 708 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் பக்கத்துல என்ன நடந்திருக்கும்னு இப்போ பாருங்க. அவர் ஆளு டெபிட் நோட் போடும்போது லிஸ்ட் விலையை எடுத்துட்டார். ஆறு பெருக்கல் 2,500, அதாவது 15,000. வரி 2,700. மொத்தம் 17,700. அதைக் கழிச்சுட்டு 35,580 ரூபாய் அனுப்பிட்டு "கணக்கு முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டார். உங்க புத்தகத்துல 36,288. வித்தியாசம் 708 ரூபாய்.

708 ரூபாய்க்கு யாரும் மதுரைக்குப் போன் பண்ண மாட்டாங்க. அது அப்படியே நிக்கும். அடுத்த ரிட்டர்ன்ல இன்னொரு 500, அதுக்கு அடுத்ததுல 1,200. வருஷக் கடைசியில பாக்கி உறுதிப்பாட்டுக் கடிதம் அனுப்பும்போது ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப் போகாது, எதனாலன்னும் யாருக்கும் நினைவு இருக்காது.

இதுக்கு வைத்தியம், கிரெடிட் நோட் போட்ட அன்னைக்கே அதோட பிடிஎஃப்பை வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ அனுப்பி, ஒரு வரி சேர்க்கிறதுதான்: "இன்வாய்ஸ்ல 4 சதவீத தள்ளுபடி போக 2,400 ரூபாய் விலையில ஆறு மிக்ஸிக்கு 16,992 வரவு வச்சிருக்கோம், இப்போ பாக்கி 36,288." பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அவர் இதைப் பார்த்துட்டா, 708 பிறக்கவே பிறக்காது.

வரி எந்த மாசம் குறையும்?

சரக்கு திரும்பினது ஜனவரி 27. கிரெடிட் நோட் தேதி பிப்ரவரி 3. ஜனவரி மாச ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ண பிப்ரவரி 11 வரைக்கும் நேரம் இருக்கு. "இன்னும் தாக்கல் பண்ணலையே, ஜனவரியிலயே சேர்த்துடலாமா?"ன்னு தோணும். கூடாது. கிரெடிட் நோட் எந்த மாசம் போட்டீங்களோ அந்த மாச ரிட்டர்ன்லதான் வரும்.

அதனால மாதாந்திரம் தாக்கல் பண்றவரா இருந்தா, பிப்ரவரி 20-ம் தேதிக்குள்ள கட்டுற ஜனவரி வரியில 40 மிக்ஸிக்கும் சேர்த்து 17,280 ரூபாய் போகும். பிப்ரவரி மாச ஜிஎஸ்டிஆர்-1-ல, மார்ச் 11-ம் தேதிக்குள்ள, 9பி அட்டவணையில பதிவு பெற்றவருக்கான கிரெடிட் நோட்டா இதைக் காட்டணும். அப்போ மார்ச் 20-ம் தேதிக்குள்ள கட்டுற பிப்ரவரி வரியில 2,592 குறையும். பிப்ரவரி விற்பனை வரி 90,000-னு வச்சுக்கிட்டா 87,408 ஆகும்.

2025 ஜூலை மாசக் கணக்குல இருந்து ஜிஎஸ்டிஆர்-3பி-யில விற்பனை வரி எண்கள் தானா நிரம்பி, பூட்டின மாதிரி வருது. முன்ன மாதிரி கையால மாத்த முடியாது. அதனால ஜிஎஸ்டிஆர்-1-ல கிரெடிட் நோட்டை விட்டுட்டு "3பி-யில பார்த்துக்கலாம்"னு நினைச்சா வேலைக்கு ஆகாது. 3பி தாக்கல் பண்றதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா ஜிஎஸ்டிஆர்-1ஏ மூலமா சேர்க்கலாம். அதையும் தவறவிட்டா அடுத்த மாசம்தான்.

கடைக்காரர் 'நிராகரி'ன்னு அழுத்திட்டா?

நீங்க 16,992-க்கு கிரெடிட் நோட் போட்டா, கடைக்காரர் ஏற்கனவே எடுத்த 17,280 உள்ளீட்டு வரியில 2,592 திரும்பப் போகணும். அவருக்கு மிச்சம் 14,688. உங்களுக்குக் குறையுற வரியும் அவருக்குக் குறையுற வரவும் ஒண்ணா இருந்தாத்தான் அரசாங்கத்துக்கு நஷ்டம் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் சட்டத்துலயே இதைத் தெளிவா எழுதிட்டாங்க. வாங்கினவர் பதிவு பெற்றவரா இருந்து, அந்த வரியை வரவா எடுத்திருந்தா, அவர் அதைத் திருப்பினாத்தான் நீங்க உங்க வரியைக் குறைக்க முடியும்.

இது நடக்கிற இடம் போர்ட்டல்ல இருக்கிற இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதி. 2024 அக்டோபர்ல வந்தது, ஆபீஸ்ல ஐஎம்எஸ்-னு சொல்லுவாங்க. நீங்க காட்டின கிரெடிட் நோட் அவர் திரையில வரும். ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒண்ணுமே செய்யாம விட்டா ஏற்றதா எடுத்துக்கும். 2025 அக்டோபர் மாசக் கணக்குல இருந்து கிரெடிட் நோட்டை ஒரு வரிக் காலத்துக்கு நிலுவையில வைக்கவும், எவ்வளவு வரவைத் திருப்பணும்னு அவரே குறிப்பிடவும் வசதி வந்திருக்கு.

அவர் நிராகரிச்சுட்டா, நீங்க குறைச்ச அந்த 2,592 அடுத்த மாச ஜிஎஸ்டிஆர்-3பி-யில மறுபடியும் உங்க தலையில வந்து உக்காரும். எந்தப் போனும் வராது, எண் மட்டும் கூடியிருக்கும். "இந்த மாசம் வரி ஏன் ஜாஸ்தியா காட்டுது?"ன்னு குழம்பினா, முதல்ல பார்க்க வேண்டிய இடம் இதுதான். போர்ட்டல்ல உங்க கிரெடிட் நோட்டுக்கு வாங்கினவர் என்ன செஞ்சிருக்கார்னு பார்க்கிற வசதி உங்களுக்கும் இருக்கு.

நான் பார்த்தவரைக்கும் கெட்ட எண்ணத்துல நிராகரிக்கிறவங்க குறைவு. அவர் புத்தகத்துல 17,700, உங்க நோட்ல 16,992, தொகை ஒத்துப் போகலைன்னு அவர் ஆளு நிராகரிச்சிருப்பார். இல்ல, "நான் இந்த இன்வாய்ஸுக்கு வரவே எடுக்கலையே, ஏன் திருப்பணும்?"னு பயந்து அழுத்தியிருப்பார். முதல் காரணத்துக்கு நீங்க அனுப்பின அந்த ஒரு வரி மெசேஜே மருந்து. ரெண்டாவதுக்கு, எடுக்காத வரவைத் திருப்ப வேண்டியதில்லை, அதைக் குறிப்பிட இடம் இருக்குன்னு சொல்லுங்க. அவர் அந்த மாச 3பி தாக்கல் பண்ணலைன்னா, முடிவை மாத்திக்கவும் முடியும். அதனால போன் பண்ண வேண்டிய நேரம் 14-ம் தேதியில இருந்து 20-ம் தேதிக்குள்ள.

விகிதம் மாறினா எந்த விகிதம்?

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஏசிக்கு வரி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 5-ம் தேதி 40,000 ரூபாய் மதிப்புக்கு ஒரு ஏசி வித்தீங்க, வரி 11,200. அக்டோபர் 10-ம் தேதி அது திரும்பி வருது. சாஃப்ட்வேர்ல அந்தப் பொருளுக்கு இப்போ 18 சதவீதம்னு இருக்கு. கவனிக்காம விட்டா கிரெடிட் நோட் 7,200 வரியோட வெளியே வரும்.

சரியானது 28 சதவீதம், 11,200. பழைய விற்பனையைத்தான் நீங்க திருப்புறீங்க, புது விற்பனை எதுவும் நடக்கலை. தப்பா போட்டா உங்களுக்கு 4,000 ரூபாய் வரி நஷ்டம், வாங்கினவருக்கு 4,000 ரூபாய் பாக்கி வித்தியாசம். விகிதம் மாறின பிறகு சில மாசத்துக்கு ஒவ்வொரு கிரெடிட் நோட்டையும் பழைய இன்வாய்ஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் போடணும்.

அந்த நவம்பர் 30

ஆரம்பத்துல சொன்ன பையன் கதைக்கு வருவோம். விதி இதுதான்: விற்பனை எந்த நிதியாண்டுல நடந்ததோ, அந்த நிதியாண்டு முடிஞ்ச பிறகு வர்ற நவம்பர் 30-ம் தேதி, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் பண்ணின தேதி, இந்த ரெண்டுல எது முன்னாடி வருதோ அதுக்குள்ள கிரெடிட் நோட்டை ரிட்டர்ன்ல காட்டியாகணும்.

சரக்கு திரும்பின தேதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. விற்பனை தேதிதான் முக்கியம். 2025 மார்ச் 28-ம் தேதி இன்வாய்ஸுக்கு அதிகபட்சம் 2025 நவம்பர் 30. 2025 ஏப்ரல் 2-ம் தேதி இன்வாய்ஸுக்கு 2026 நவம்பர் 30. ரெண்டு இன்வாய்ஸுக்கும் நடுவுல அஞ்சு நாள்தான், கெடு மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போகுது. மார்ச்ல டார்கெட்டுக்காக அள்ளிக் கொட்டுற சரக்குதான் பெரும்பாலும் திரும்பி வரும், அதுக்குத்தான் நேரமும் குறைவு.

இன்னொரு ஆபத்து, போர்ட்டல்ல கிரெடிட் நோட் ஏத்தும்போது மூல இன்வாய்ஸ் எண் கேக்காது. அதனால கெடு முடிஞ்ச இன்வாய்ஸுக்கும் அது சத்தமில்லாம ஏறிடும். ஏறிடுச்சு என்பதால சரின்னு ஆகாது. பின்னாடி ஆடிட்லயோ ஆய்வுலயோ மூல இன்வாய்ஸ் தேதி கேட்கும்போது, குறைச்ச வரியை வட்டியோட கட்ட வேண்டி வரும்.

கெடு முடிஞ்சுட்டா கிரெடிட் நோட் போடவே கூடாதான்னா, போடலாம். ஜிஎஸ்டி இல்லாத வணிக ரீதியான கிரெடிட் நோட். வாடிக்கையாளர் பாக்கி குறையும், உங்க வரி குறையாது. அந்த 43,200 ரூபாய் கதையில, வாங்கினவர் சரக்கு அனுப்பின மாசமே தன் உள்ளீட்டு வரியைத் திருப்பிட்டு, 2,83,200 ரூபாயை முழுசா கழிச்சுட்டார். அவர் பக்கம் சுத்தம். அதனால மொத்த நஷ்டமும் விற்றவர் மேலேயே விழுந்துச்சு.

சரக்கு இன்னும் வாங்கினவர்கிட்டயே இருந்தா மட்டும் இன்னொரு வழி உண்டு. அவர் பதிவு பெற்றவரா இருந்தா, அதைப் புது விற்பனை மாதிரி தன் இன்வாய்ஸ்ல வரியோட உங்களுக்குத் திருப்பி அனுப்பலாம், நீங்க அந்த வரியை உள்ளீட்டு வரவா எடுத்துக்கலாம். காலாவதி மருந்துகளை உதாரணமா வச்சு 2018 அக்டோபர்ல வந்த 72-ம் எண் சுற்றறிக்கை இந்த வழியைச் சொல்லுது. ஆனா சரக்கு ஜூலையிலேயே வெறும் துண்டுச் சீட்டோட வந்து இறங்கிட்ட பிறகு, டிசம்பர்ல அந்த வழியும் அடைஞ்சு போயிருந்துச்சு.

நீங்க வாங்கினவரா இருந்தா

வேலை விஷயம் போதும், உங்க பர்ஸுக்கும் ஒரு வார்த்தை. கடையில 2,000 ரூபாய் பொருளை 18 சதவீத வரியோட 2,360-க்கு வாங்கித் திருப்பிக் கொடுத்தா, "வரி போக 2,000-தான் வரவு வைப்போம், ஜிஎஸ்டி கவர்மென்ட்டுக்குப் போயிடுச்சு"ன்னு சிலர் சொல்லுவாங்க. கெடுவுக்குள்ள இருக்கிற ரிட்டர்னுக்கு அந்த வாதம் நிக்காது. அந்த 360-ஐ கடைக்காரர் தன் வரியில குறைச்சுக்கலாம். ஆனா வரிச்சுமை உங்க மேல இருக்கும்போது அவர் குறைச்சுக்கக் கூடாதுன்னு அதே 34-வது பிரிவு சொல்லுது. அதாவது குறைக்கணும்னா உங்களுக்குத் திருப்பித் தந்திருக்கணும். அதனால முழு 2,360-க்கு வரவு கேளுங்க.

உங்க மேஜையில நாளைக்கு

குடோன் ரிஜிஸ்டரை எடுத்து, சரக்கு உள்ளே வந்தும் கிரெடிட் நோட் எண் எழுதாத வரிகளை மட்டும் குறிங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூல இன்வாய்ஸ் தேதியை எழுதுங்க. மார்ச் 31 வரைக்குமான தேதி எதெல்லாம் இருக்கோ, அதை முதல்ல மேனேஜர்கிட்ட கொண்டு போங்க, "இதுல இவ்வளவு வரி இருக்கு, இந்தத் தேதிக்குள்ள போகணும்"னு மெயில்லயும் எழுதுங்க.

அந்தப் பையன் இப்போ அதே நிறுவனத்துலதான் இருக்கான். சம்பளத்துல பிடிக்கலை, ஆனா அந்த வருஷம் இன்கிரிமென்ட் வரலை. இப்போ அவன் ரிஜிஸ்டர்ல புதுசா ஒரு காலம் போட்டு வச்சிருக்கான், தலைப்பு "கடைசி தேதி".